மூன்று வருட புராஜெக்ட் பட்ஜெட்: வேலையை முதலில் பிரியுங்கள், விலையேற்றத்தை அப்புறம் போடுங்கள்

மூன்று வருட பட்ஜெட் கேட்டால் பெரும்பாலானோர் செய்வது இதுதான்: மொத்தச் செலவைக் கணக்குப் போட்டு, மூன்றால் வகுத்து, இரண்டாம் வருடத்துக்கு 6%, மூன்றாம் வருடத்துக்கு இன்னொரு 6% ஏற்றி அனுப்பிவிடுவது. மொத்தத் தொகை ஏறக்குறைய சரியாகத்தான் வரும், அதனால்தான் இந்தத் தப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் இரண்டாம் வருடம் நடுவில் கையில் பணம் இருக்காது, ஜேசிபிக்காரர் பில்லோடு நிற்பார்.

பொதுவாகப் பேசினால் புரியாது என்பதால் ஒரே ஒரு புராஜெக்டை எடுத்து முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். சிவகங்கைப் பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம், ஆறு ஊர்க் கண்மாய்களைத் தூர்வாரி, மடையும் கலுங்கும் பழுது பார்க்க, ஒரு கம்பெனி சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலம் 2026 ஏப்ரல் முதல் 2029 மார்ச் வரை. விலைகள் உதாரணத்துக்காக நான் வைத்தவை, உங்கள் ஊர் கொட்டேஷனை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

படி 1: பணத்தைத் தொடாமல் வேலையை வருடவாரியாகப் பிரியுங்கள்

முதலில் ரூபாயே வேண்டாம். எந்த வருடம் எத்தனை கண்மாய், எத்தனை ஆள், எத்தனை மாதம் என்று மட்டும் எழுதுங்கள்.

ஆறு கண்மாய், மூன்று வருடம் என்றவுடன் வருடத்துக்கு இரண்டு என்று போடத்தான் கை போகும். நடைமுறையில் அப்படி நடக்காது. முதல் வருடம் ஆட்களை எடுக்க வேண்டும், ஊர்க்கூட்டம் போட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் கீழே ஆயக்கட்டு உள்ள கண்மாய் என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேலே என்றால் நீர்வளத் துறை. ஆறு கண்மாயும் ஒரே அலுவலகத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு கண்மாய் வற்றிக் கிடக்கும்போதுதான் மண் வெட்ட முடியும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்த வருட வேலை முடிந்தது, தண்ணீர் வற்றும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆக நிதியாண்டின் பன்னிரண்டு மாதத்தில் மண்வேலைக்குக் கிடைப்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பாதிதான்.

அதனால் நான் இப்படிப் பிரிக்கிறேன்: முதல் வருடம் ஒரு கண்மாய், இரண்டாம் வருடம் மூன்று, மூன்றாம் வருடம் இரண்டு. முதல் வருட ஏப்ரல் முதல் ஜூனுக்குள் ஆறு கண்மாயையும் லெவல் சர்வே எடுத்துவிடுவோம், அது காய்ந்து கிடக்கும்போது எடுத்தால்தான் உண்டு. ஒருங்கிணைப்பாளர் ஒருவர் முதல் நாளிலிருந்து மூன்று வருடமும் இருப்பார். களப்பணியாளர் இருவரும் ஜூலையில் சேர்வார்கள், அதாவது முதல் வருடம் ஒன்பது மாதம், அடுத்த இரண்டு வருடமும் முழுசாக. வெளி ஆள் வைத்துச் செய்யும் இறுதி மதிப்பீடு மூன்றாம் வருடம் மட்டும்.

இந்தத் தாளைக் களத்தில் வேலை செய்யப்போகிறவரிடம் கொடுத்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். கணக்கர் தனியாக உட்கார்ந்து பிரித்த பட்ஜெட்டை எளிதில் கண்டுபிடித்துவிடலாம், எல்லா வருடமும் ஒரே எண்ணாக இருக்கும்.

படி 2: எல்லாவற்றுக்கும் இன்றைய விலை, இன்றைய விலை மட்டும்

அடுத்து ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் வருட விலை. வருங்கால ஏற்றத்தை மனசில் வைத்துக் கொஞ்சம் கூட்டிப் போடக் கூடாது, அது அடுத்த படியில் தனியாக வரும். இங்கேயே கூட்டினால் அங்கே இன்னொரு முறை ஏறும்.

நம் உதாரணத்தில் ஒரு கண்மாய்க்கு 6,000 கன மீட்டர் மண், கன மீட்டர் 55 ரூபாய், ஆக 3,30,000. மடை, கலுங்கு வேலை கண்மாய்க்கு 1,80,000. ஒருங்கிணைப்பாளர் சம்பளம் மாதம் 35,000, களப்பணியாளர் 18,000. சர்வே கண்மாய்க்கு 25,000, கருவிகளும் லேப்டாப்பும் சேர்த்து 90,000. பயணமும் ஊர்க்கூட்டமும் வருடத்துக்கு 1,20,000. இறுதி மதிப்பீடு 1,00,000.

கொட்டேஷன் வாங்கும்போது ஜிஎஸ்டி சேர்த்த விலையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தொண்டு நிறுவனம் பொதுவாக அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது முழுக்கச் செலவுதான். இங்கே போட்ட விலைகள் வரி சேர்ந்தவை.

பட்ஜெட்டை ஜனவரியில் எழுதி ஏப்ரலில் தொடங்குவது என்றால் இந்த விலையே முதல் வருட விலை. எழுதிய பிறகு ஒரு வருடம் கழித்துத்தான் பணம் வரும் என்றால் முதல் வருடத்துக்கும் ஏற்றம் போட வேண்டும், பலர் விடுவது இதைத்தான்.

படி 3: ஒவ்வொரு செலவும் எதனால் ஏறும் என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் போடுவது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, கேள்வி வந்தால் பதில் சொல்லவும் முடியாது. சம்பளம் ஏறுவது உங்கள் நிறுவனத்தின் இன்கிரிமென்ட் கொள்கையால். மண்வேலை ஏறுவது டீசலாலும் இயந்திர வாடகையாலும். கட்டுமானம் சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலியால். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேறு.

ஆதாரம் எங்கே கிடைக்கும்? முதல் இடம் உங்கள் சொந்த வவுச்சர் ஃபைல். மூன்று வருடம் முன்பு அதே வேலைக்கு என்ன கொடுத்தீர்கள், இன்று என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தால் வருடத்துக்கு எவ்வளவு ஏறியது என்று தெரிந்துவிடும். 46 ரூபாய் இருந்தது மூன்று வருடத்தில் 55 ஆகியிருந்தால், 55ஐ 46ஆல் வகுத்து கனமூலம் எடுங்கள், வருடத்துக்குச் சுமார் 6% வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 20% தானே, மூன்றால் வகுத்து 6.5% என்று போட்டால் கூட்டு ஏற்றத்தைச் சாதா ஏற்றமாக எண்ணிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டாவது இடம், பொதுப்பணித் துறை வெளியிடும் விலைப்பட்டியல். ரிசர்வ் வங்கியின் 4% பணவீக்க இலக்கைச் சிலர் அப்படியே எடுத்துப் போடுவார்கள். அது நாடு முழுக்க உள்ள குடும்பங்களின் செலவுக் கூடைக்கான எண், ஜேசிபி வாடகைக்கு அது பொருந்தாது.

நான் வைத்துக்கொள்வது: சம்பளம் 8%, மண்வேலை 6%, கட்டுமானம், பயணம், மதிப்பீடு மூன்றுக்கும் 5%.

ஏறாத செலவும் உண்டு. முதல் வருடமே வாங்கி முடிக்கும் கருவிக்கும் சர்வேக்கும் ஏற்றம் கிடையாது. பிஎஃப் இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். முதலாளி பங்கு நிர்வாகக் கட்டணத்தோடு சேர்த்து 13%. ஆனால் பல நிறுவனங்கள் 2014இல் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்துத்தான் கட்டுகின்றன, அப்படியென்றால் ஆளுக்கு மாதம் 1,950, சம்பளம் எவ்வளவு ஏறினாலும் அதேதான், நம் கணக்கிலும் அப்படித்தான் போடுகிறேன். அதற்கு 8% ஏற்றினால் தேவையில்லாமல் கேட்பதாக ஆகும். உச்சவரம்பு இல்லாமல் முழுச் சம்பளத்துக்கும் கட்டுபவர்கள், ஏற்றிய சம்பளத்தின் மேல் 13% போட்டால் போதும், அந்த 13%ஐத் தனியாக ஏற்றக் கூடாது. நிர்வாகச் செலவு 5%, 10% என்று கேட்பதற்கும் இதே விதி.

இறுதி மதிப்பீட்டைப் பாருங்கள். அது ஒரே ஒருமுறை வரும் செலவு, ஆனாலும் வருவது மூன்றாம் வருடம், அதனால் இரண்டு முறை ஏறும்: 1,00,000 இன்று, 1,10,250 அன்று. ஒருமுறைச் செலவு என்பதால் ஏற்றம் இல்லை என்று விட்டுவிடுவார்கள். எப்போது செலவாகிறது என்பதுதான் கேள்வி, எத்தனை முறை என்பது இல்லை.

படி 4: ஷீட்டை மூன்றாக வையுங்கள்

எண்ணிக்கை ஒரு ஷீட்டில், விலையும் ஏற்ற விகிதமும் ஒரு ஷீட்டில், பெருக்கி வருவது மூன்றாவதில். `Units` ஷீட்டில் C, D, E நெடுவரிசைகளில் மூன்று வருட எண்ணிக்கை; `Rates` ஷீட்டில் B நெடுவரிசையில் இன்றைய விலை, C நெடுவரிசையில் ஏற்ற விகிதம். `Budget` ஷீட்டில் முதல் வரிசையில் C1, D1, E1இல் 1, 2, 3 என்று வருட எண். அப்புறம் ஐந்தாம் வரிசையின் C கட்டத்தில்:

```
=ROUND(Units!C5*Rates!$B5*(1+Rates!$C5)^(C$1-1),0)
```

டாலர் குறிகளைக் கவனித்துப் போட்டு வலப்பக்கமும் கீழேயும் இழுத்தால் போதும். வருட எண்ணில் 1 கழிப்பதால் முதல் வருடம் ஏற்றம் இல்லாமல் வரும். முதல் வருடத்துக்கும் ஏற்ற வேண்டியிருந்தால் அந்த `-1`ஐ எடுத்துவிடுங்கள். விகிதத்தை நேராக ஃபார்முலாவுக்குள் 1.06 என்று தட்டி வைக்காதீர்கள். நிதி தருபவர் "5%க்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டோம்" என்று சொன்ன அன்று ஒவ்வொரு கட்டமாகத் தேட வேண்டியிருக்கும்.

நம் கணக்கு இப்படி வருகிறது:

| செலவு | வருடம் 1 | வருடம் 2 | வருடம் 3 |
|---|---|---|---|
| சம்பளம், பிஎஃப் | 8,02,500 | 9,90,360 | 10,63,973 |
| மண்வேலை | 3,30,000 | 10,49,400 | 7,41,576 |
| மடை, கலுங்கு | 1,80,000 | 5,67,000 | 3,96,900 |
| சர்வே, கருவிகள் | 2,40,000 | 0 | 0 |
| பயணம், கூட்டம் | 1,20,000 | 1,26,000 | 1,32,300 |
| இறுதி மதிப்பீடு | 0 | 0 | 1,10,250 |
| மொத்தம் | 16,72,500 | 27,32,760 | 24,44,999 |

மூன்றும் சேர்த்து 68,50,259. ஏற்றம் எல்லாவற்றையும் சைபர் ஆக்கினால் 64,06,900 வர வேண்டும். இதைக் கட்டாயம் ஒரு தடவை செய்து பாருங்கள், ஏனென்றால் எண்ணிக்கையும் விலையும் கையால் பெருக்கி வரும் தொகையோடு இது ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு கட்டத்தில் ஏற்றம் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வித்தியாசம் 4,43,359, அதாவது விலையேற்றத்துக்காக மட்டும் கேட்கும் பணம். இந்த எண்ணைத் தனியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், கேட்பார்கள்.

இப்போது மூன்றால் வகுக்கும் முறையில் போட்டுப் பார்ப்போம். 64,06,900ஐ மூன்றால் வகுத்து வருடத்துக்கு 6% ஏற்றினால் மொத்தம் 67,99,002 வரும். நம் கணக்கைவிட 51,000 சொச்சம்தான் குறைவு, பெரிய விஷயமாகத் தெரியாது. வருடவாரியாகப் பார்த்தால்தான் வினை தெரியும்: முதல் வருடம் 4,63,000 மிச்சம், இரண்டாம் வருடம் 4,69,000 பற்றாக்குறை. மிச்சத்தை எடுத்துப் பற்றாக்குறையில் போட்டால் சரியாகிவிடுமே என்றால், நிதியாண்டு முடிந்த பிறகு அது உங்கள் கையில் மட்டும் இல்லை. மூன்று வருட சிஎஸ்ஆர் புராஜெக்டில் ஒரு வருடம் செலவாகாத பணத்தைக் கம்பெனி, நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். அதனால் மிச்சத்தை அவர்கள் லேசில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஏன் செலவாகவில்லை என்று கேட்பார்கள், அடுத்த தவணையில் கழிப்பார்கள்.

படி 5: வருடத்துக்குள் காலாண்டாகப் பிரியுங்கள்

கணக்கு பார்ப்பவர்கள் வருடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், பணம் முட்டுவது காலாண்டில்தான். இரண்டாம் வருடத்தை எடுத்துக்கொள்வோம், கண்மாய் மூன்று, தொகை 27,32,760.

சம்பளமும் பயணமும் காலாண்டுக்குச் சமமாக 2,79,090. மண்வேலை ஏப்ரல்–ஜூனில் இரண்டு கண்மாய், ஜூலை–செப்டம்பரில் ஒன்று. மடை, கலுங்கு வேலைக்கான பில் ஜூலை–செப்டம்பரில் வரும். அதில் 10%ஐப் பிடித்து வைத்து, ஒரு மழையில் கலுங்கு தாங்குகிறதா, மடை கசிகிறதா என்று பார்த்த பிறகு ஜனவரியில் கொடுப்போம். இந்தப் பிடித்தம் 56,700. வேலை செப்டம்பரில் முடிந்தாலும் பணம் போவது ஜனவரியில், காலாண்டுத் தாளில் பணம் போகும் மாதத்தில்தான் எழுத வேண்டும்.

அப்படிப் போட்டால் ஏப்ரல்–ஜூன் 9,78,690, ஜூலை–செப்டம்பர் 11,39,190, அக்டோபர்–டிசம்பர் 2,79,090, ஜனவரி–மார்ச் 3,35,790. நான்கையும் கூட்டினால் 27,32,760 வருகிறதா என்று பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, முதல் ஆறு மாதத்திலேயே 21,17,880 போய்விடுகிறது, வருடத் தொகையில் 77%க்கு மேல். கம்பெனிக்காரர்கள் வழக்கம்போல அரையாண்டுக்குப் பாதி என்று தவணை போட்டால் உங்களுக்கு வருவது 13,66,380. பற்றாக்குறை 7,51,500. ஆகஸ்டில் இயந்திரத்தை நிறுத்தினால் செப்டம்பருக்குள் திரும்ப வராது, அக்டோபரில் மழை, அந்தக் கண்மாய் அடுத்த வருடத்துக்குப் போகும். ஆகவே தவணை விவரத்தை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே பட்ஜெட்டோடு சேர்த்துக் கொடுங்கள்: ஏப்ரல் முதல் வாரம் 78%, அக்டோபரில் மீதி. பருவமழையைக் காரணம் காட்டி, காலாண்டுத் தாளையும் இணைத்தால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். கையெழுத்தான பிறகு கேட்டால் கஷ்டம்.

படி 6: தள்ளிப்போனால் என்ன செலவு என்று முன்னாலேயே போட்டு வையுங்கள்

ஒரு கண்மாய் இரண்டாம் வருடத்திலிருந்து மூன்றாம் வருடத்துக்குத் தள்ளிப்போனால் விலையேற்றத்தால் கூடுவது எவ்வளவு? மண்வேலையில் 20,988, கட்டுமானத்தில் 9,450, ஆக 30,438 மட்டும்தான். பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் மூன்றாம் வருடத்திலிருந்து நான்காம் வருடத்துக்குத் தள்ளினால் கதை வேறு. வேலை முடியும் வரை ஆட்களை வைத்திருக்க வேண்டும், மூன்றாம் வருட விலையிலேயே சம்பளச் செலவு மாதம் சுமார் 88,700. ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை என்றால் ஐந்து மாதம், 4,43,000 தாண்டும். மூன்று வருடத்துக்கும் விலையேற்றத்துக்கென்று நாம் கேட்ட மொத்தப் பணமும் அந்த ஐந்து மாதச் சம்பளத்துக்கே சரியாகிவிடும்! இதனால்தான் கடைசி வருடத்துக்கு மூன்று கண்மாய் வைக்காமல் இரண்டாம் வருடத்துக்கு வைத்தேன். நழுவினாலும் நழுவுவதற்கு ஒரு கோடைக்காலம் பாக்கி இருக்க வேண்டும்.

எதிர்பாராச் செலவு என்ற வரியை விலையேற்றத்தோடு கலக்காதீர்கள். வண்டல் நினைத்ததைவிட ஆழமாக இருந்தது, மடைக்கு அடியில் கல் பெயர்ந்து கிடந்தது போன்றவற்றுக்குத்தான் அது. மண்வேலை, கட்டுமானம் இரண்டிலும் 5%, நம் கணக்கில் 1,63,000 சொச்சம், தனி வரியாகக் கேளுங்கள். சம்பளத்தின் மேல் இதைப் போட வேண்டாம், சம்பளத்தில் எதிர்பாராதது எதுவும் இல்லை.

படி 7: வருடம் முடியும்போது விகிதத்தைத் திருத்துங்கள்

முதல் வருடம் முடியப்போகும் பிப்ரவரியில் புதுக் கொட்டேஷன் வாங்குகிறீர்கள், மண்வேலை 6% இல்லாமல் 10% ஏறி 60.50 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டாம் வருட மண்வேலை 10,89,000 ஆகிவிடும், 39,600 கூடுதல். இன்றைய விலையையும் விகிதத்தையும் தனித்தனியாக வைத்திருப்பதன் பலன் இப்போதுதான் தெரியும்: என்ன மாறியது, எவ்வளவு மாறியது என்று ஒரு வரியில் காட்டலாம்.

கூடுதல் பணம் கிடைக்காது என்றால், 10,49,400ஐ 60.50ஆல் வகுங்கள், 17,345 கன மீட்டர் வரும். திட்டமிட்ட 18,000இல் 655 குறைவு. மூன்று கண்மாயில் எதில் குறைப்பது என்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம். கரைக்குப் பக்கத்தில் வெட்டுவதை விட்டுவிட்டு மடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தையும் வரத்துக்கால்வாய் வாயையும் முழுசாக எடுக்கலாம். விலை பழையபடியே இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆழத்தில் கைவைப்பதைவிட, அளவு குறைகிறது என்று மார்ச் மாதமே எழுத்தில் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நிதி தருபவர் ஆரம்பத்திலேயே "எல்லாவற்றுக்கும் 5%தான்" என்று வரம்பு வைத்தாலும் இதே வழிதான்: உண்மையான விகிதத்தில் விலையைப் போட்டு, அந்தப் பணத்துக்கு எத்தனை கன மீட்டர் வருமோ அதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.